பெயரைச் சொல்லாத புகாரை எப்படி விசாரிப்பது?

வணக்கம் சார். ஜூரோங் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் எச்.ஆர். பார்க்கிறேன். போன வாரம் பேக்கிங் ஆட்கள் மூன்று பேர் வந்து, மாலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் தனக்கு வேண்டியவர்களுக்குச் செய்யாத ஓவர்டைமை எழுதிக் கொடுக்கிறார் என்றார்கள். அதில் ஒருவர், 'வெளியே சொன்னா உன் பெர்மிட்டை கேன்சல் பண்ண வச்சிருவேன்' என்று தன்னை மிரட்டியதாகவும் சொல்கிறார். மூன்று பேரும் பெயர் வெளியே வரவே கூடாது என்கிறார்கள். முதலாளியோ, 'நீயும் ஆப்பரேஷன்ஸ் மேனேஜரும் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க, அந்த ஆளை அனுப்பிடலாம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். சூப்பர்வைசர் குடும்பமும் எங்கள் குடும்பமும் தேக்காவில் சேர்ந்து சாப்பிடும் அளவுக்குப் பழக்கம். பெயரே சொல்லாமல் ஒருவரை எப்படி விசாரிப்பது? அதை நான் செய்யலாமா?
– ஜூரோங் வாசகி

வணக்கம். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையில் இருப்பது ஒரு புகார் இல்லை, இரண்டு. ஓவர்டைம் பற்றியது ஒன்று, மிரட்டல் பற்றியது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆட்கள் ஒரே நாளில் வந்து சொன்னதால் ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் பெயர் விஷயத்தில் இரண்டும் முற்றிலும் வேறு. முதலாவதைப் பெயரே இல்லாமல் நியாயமாக விசாரிக்கலாம். இரண்டாவதை முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நோட்டீஸ் இல்லாமல் வேலையை விட்டு நீக்கவேண்டும் என்றால் தகுந்த விசாரணைக்குப் பிறகுதான் செய்யலாம் என்கிறது. அந்த விசாரணை எப்படி இருக்கவேண்டும், எத்தனை பேர் உட்காரவேண்டும், எத்தனை நாள் என்றெல்லாம் சட்டம் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் பல முதலாளிகள், ஆளைக் கூப்பிட்டு 'நீ செஞ்சியா இல்லையா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 2017இல் நம் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது: நீதிமன்றம் மாதிரி சடங்குகள் தேவையில்லை, ஆனால் தன் மேல் என்ன குற்றச்சாட்டு, அதற்கு என்ன ஆதாரம் என்று அந்த ஊழியருக்குத் தெரியவேண்டும், தன் பக்கத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு வாய்ப்பு இருக்கவேண்டும். குற்றச்சாட்டோடு சேர்த்து ஆதாரத்தையும் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஓவர்டைம் புகாரில் ஆதாரம் யார்? அந்த மூன்று பேர் இல்லை. டைம்ஷீட்டும் கேட் கார்டு பதிவும்தான் ஆதாரம். அவர்கள் எங்கே பார்க்கவேண்டும் என்று கையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். நீங்கள் போய்ப் பார்த்து, காகிதத்தில் இருப்பதைக் காகிதத்தோடு வைத்து ஒப்பிட்டால், சூப்பர்வைசரிடம் காட்டவேண்டியது அந்தக் காகிதங்கள். யார் சொல்லிப் பார்த்தீர்கள் என்பது அவர் பதில் சொல்வதற்குத் தேவைப்படாத விஷயம். கேட்டால், 'அதைச் சொல்ல முடியாது, உங்களுக்கு எதிராக வைக்கப்படுவது இந்தப் பதிவுகள் மட்டும்தான்' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

மிரட்டலுக்கு வாருங்கள். அதற்கு ஆதாரம் ஒரு மனிதரின் வாய்ச்சொல். எந்த நாள், எங்கே வைத்து, யாரிடம் சொன்னார் என்று சொல்லாமல், 'நீங்கள் யாரையோ மிரட்டியதாகப் புகார்' என்றால் அவர் என்ன பதில் சொல்வார்? 'இல்லை' என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? அன்று தான் லீவில் இருந்தேன் என்றோ, பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் நின்றார், அவரைக் கேளுங்கள் என்றோ, அந்த ஆளுக்கும் எனக்கும் போன மாதம் லீவு விஷயத்தில் சண்டை என்றோ சொல்ல அவருக்கு வழியே இல்லை. விவரம் சொன்னாலோ, ஆள் யார் என்று ஒரு நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

அதனால் அந்த ஒருவரிடம் தனியாக உட்கார்ந்து உள்ளதைப் பேசுங்கள். 'பெயர் வரவே வராது' என்று நீங்கள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால் இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் உங்களை யாரும் நம்பமாட்டார்கள். சொல்லவேண்டியது இதுதான்: இது தெரியவேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும், ஆனால் இந்த மிரட்டலை விசாரிக்கவேண்டும் என்றால் அந்தத் தெரியவேண்டியவர்களில் சூப்பர்வைசரும் ஒருவர். பெயரோடு போகலாம் என்று அவர் சம்மதித்தால் போகலாம். வேண்டாம் என்றால், இந்த ஒரு குற்றச்சாட்டை இப்போதைக்கு வைக்காமல் விடலாம், அவர் சொன்னதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளலாம். அவருடைய பயத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். பெர்மிட்டில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், ராத்திரி தங்குவிடுதியில் தூக்கம் வராது. பெர்மிட்டை ரத்து செய்வது நிறுவனம் செய்யும் வேலை, ஒரு சூப்பர்வைசர் தன்னிஷ்டத்துக்குச் செய்வது இல்லை என்பதையும், புகார் சொன்னதற்காக அவர் பெர்மிட்டில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பதையும் முதலாளி கையெழுத்தோடு எழுத்தில் வாங்கிக் கொடுக்க முடியுமா பாருங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு பெயரோடு பேசச் சம்மதிப்பவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யவேண்டாம். அவர் சம்மதிக்கவில்லை என்று மிரட்டல் குற்றச்சாட்டை எடுத்துவிட்டு, பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'இவர் ஊழியர்களை மிரட்டுபவர் என்றும் தெரிகிறது' என்று ஒரு வரியை நைஸாகச் சேர்ப்பது. சூப்பர்வைசர் பதில் சொல்ல வாய்ப்பே இல்லாத ஒன்று முடிவெடுப்பவர் மனதில் போய் உட்கார்ந்துவிடும். நான் படித்த கெட்ட அறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியால் கெட்டவை.

சரி, ஓவர்டைம் கணக்கை எப்படிப் பார்ப்பது? இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. மூன்று பேரும் சொன்ன தேதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், அந்தத் தேதிகளில் யார் யார் வேலையில் இருந்தார்கள் என்று ரோஸ்டரைப் பார்த்துச் சூப்பர்வைசர் புகார் சொன்னவரைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் மூன்று மாதத்துப் பதிவை மொத்தமாக எடுங்கள், மாலை ஷிஃப்ட் மட்டும் இல்லாமல் எல்லா ஷிஃப்ட்டையும், எல்லா சூப்பர்வைசர்களையும். புகார் சொன்னவர்களுக்கு இது மறைப்பு. புகாருக்கு ஆளானவருக்கும் இது நியாயம், ஏனென்றால் காலை ஷிஃப்ட் சூப்பர்வைசரும் இதே மாதிரிதான் எழுதுகிறார் என்று தெரியவந்தால், அது உங்கள் கிடங்கில் ஊறிப்போன பழக்கம், ஒருவரை மட்டும் பிடித்து வெளியே தள்ளுவது சரியாக வராது. இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யவேண்டும். கேமரா பதிவு பல இடங்களில் சில வாரங்களில் பழையது அழிந்து புதியது அதன் மேல் ஏறிவிடும். கேட் பதிவை, கேமரா பதிவை, டைம்ஷீட் மூலப் பிரதியை முதலில் பத்திரப்படுத்துங்கள், பிறகுதான் மற்றவை.

எண்களை உதாரணத்துக்கு வைத்துச் சொல்கிறேன். ஷிஃப்ட் இரவு 8 மணிக்கு முடிகிறது. மூன்று மாதத்தில் 9 நாட்களில், நான்கு பேர் 11 மணிவரை இருந்ததாக டைம்ஷீட் சொல்கிறது, கேட் பதிவில் அவர்கள் 8.30க்கு முன்பே வெளியே போயிருக்கிறார்கள். பார்த்தவுடன் 'மாட்டிக்கிட்டார்' என்றுதான் தோன்றும். அந்த நினைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

'கீழே உள்ள 9 தேதிகளில், பெயர் குறிப்பிட்டுள்ள 4 ஊழியர்கள் இரவு 11 மணிவரை வேலை செய்ததாக நீங்கள் டைம்ஷீட்டில் பதிந்து கையெழுத்திட்டிருக்கிறீர்கள். கேட் பதிவின்படி அவர்கள் 8.30க்கு முன் வெளியேறியிருக்கிறார்கள். இரண்டு பதிவுகளின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. இது ஒழுங்கீனமா என்று விசாரிக்கப்படுகிறது. இன்னும் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. உங்கள் விளக்கத்தைக் கேட்க இந்தத் தேதியில் சந்திப்போம். நீங்கள் காட்ட விரும்பும் ஆவணங்களைக் கொண்டுவரலாம், யாரையாவது விசாரிக்கவேண்டும் என்றால் பெயர் சொல்லலாம்.'

கடிதத்துக்கும் சந்திப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று வேலை நாளாவது கொடுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி என்ன நடந்தது என்று உட்கார வைத்துத் திடீரென்று கேட்டால் யாருக்குமே ஞாபகம் வராது. திணறுவார், அந்தத் திணறலையே குற்றத்துக்குச் சாட்சியாக எழுதிவிடுவார்கள். சந்திப்பிலும் 'ஏன் பொய்க்கணக்கு எழுதினீங்க' என்று ஆரம்பிக்காமல், 'ஓவர்டைம் கணக்கை எப்படி எழுதுவீங்க, ஒரு நாளை எடுத்து முதல்லேருந்து சொல்லுங்க' என்று கேட்கவேண்டும். அவர் தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்ப்பு தனியாக இருக்கட்டும். எழுதியதைப் படித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் திருத்தி, கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். நான்கு பேரில் வங்காளியோ சீனமோ பேசுபவர் இருந்தால், மொழிபெயர்க்க அதே ஷிஃப்ட்டில் இருந்து ஆள் எடுக்காதீர்கள்.

இப்போது அவர் சொல்கிறார்: '9 நாளில் 5 நாள், அவங்க லாரியோட சாங்கி சரக்கு முனையத்துக்குப் போனாங்க, இறக்கிட்டு அங்கேருந்தே வீட்டுக்குப் போயிட்டாங்க, திரும்பி வரவே இல்ல.' இதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினால் போதாது, போய்ச் சரிபார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் கேட்பது என்று சொல்வதில் மக்கள் மறந்துபோவது இந்தப் பாதியைத்தான். டெலிவரி ஆர்டர்களை எடுங்கள். அங்கே சரக்கை வாங்கியவர் கையெழுத்தும் நேரமும் இருக்கும். 5 நாளுக்கும் 10 மணி, பத்தரை என்று நேரம் இருந்தால், அந்த 5 நாளும் கழிந்துவிட்டது. கேட் பதிவை மட்டும் நம்பி முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புகார் சொன்ன மூன்று பேரும் பொய் சொன்னார்கள் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை, அவர்கள் நின்ற இடத்திலிருந்து அவர்களுக்குக் கேட் மட்டும்தான் தெரிந்தது.

மிச்சம் 4 நாள். அதற்கு அவர் வேறு ஒன்று சொல்கிறார்: 'அந்த ஆளுங்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டாக் எண்ணினாங்க, ஞாயிறு வேலையைக் கணக்கில காட்டாதே, வார நாள் ஓவர்டைமா போட்டுக் கொடுன்னு ஆப்பரேஷன்ஸ் மேனேஜர்தான் சொன்னார்.' இது உண்மையானால் கதையே மாறுகிறது. கணக்கு தப்புதான், ஆனால் வேண்டியவர்களுக்கு இனாமாகப் பணம் கொடுத்தார் என்பது இல்லை, மேலே இருப்பவர் சொன்னதைச் செய்தார் என்பது. கூடவே, ஓய்வு நாள் வேலைக்கான சம்பளத்தை நிறுவனம் சரியாகக் கொடுத்ததா என்ற கேள்வி வேறு முளைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட் பதிவைப் பாருங்கள். நான்கு பேரையும் தனித்தனியாக, ஒருவருக்கு மற்றவர் சொன்னதைச் சொல்லாமல் கேளுங்கள். பிறகு மேனேஜரைக் கேளுங்கள்.

இங்கேதான் நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் குடும்பப் பழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள், அது சரியான கவலை, ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகப் படுவது பக்கத்து நாற்காலியில் உட்காரப்போகிற ஆப்பரேஷன்ஸ் மேனேஜர். பெரும்பாலான கிடங்குகளில் சூப்பர்வைசர் எழுதும் டைம்ஷீட்டை அவர்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுச் சம்பளப் பிரிவுக்கு அனுப்புவார். உங்கள் இடத்திலும் அப்படி என்றால், 9 நாளும் அவர் கையெழுத்துத் தாண்டித்தான் போயிருக்கிறது. சூப்பர்வைசர் மேல் தப்பு இருந்தால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாக மேனேஜர் மேலும் கேள்வி வரும். சூப்பர்வைசர் ஒருவர் மட்டும்தான் குற்றவாளி என்று முடிந்தால் மேனேஜருக்கு நிம்மதி. அவர் நல்லவரா கெட்டவரா என்பது பேச்சே இல்லை, அவர் இதில் சாட்சி, சாட்சி விசாரிக்கிறவராக உட்கார முடியாது. விசாரிப்பவர் பாரபட்சம் இருக்கிறதோ என்று சந்தேகம் வரும் நிலையில் இருக்கக்கூடாது என்பதுதான் மனிதவள அமைச்சின் வழிகாட்டலும். இதற்காக விசாரணை தொடங்கும் முன்பே டைம்ஷீட்டில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நீங்கள்? பழக்கத்தை ஒரு மின்னஞ்சலில் எழுதி முதலாளிக்கு அனுப்பிவிடுங்கள், இரண்டு வரி போதும். பதிவுகளைத் திரட்டுவது, கடிதம் தயாரிப்பது, சந்திப்புக்கு நேரம் குறிப்பது எல்லாம் நீங்கள் செய்யலாம். கேள்வி கேட்பதும் முடிவு சொல்வதும் வேண்டாம். சூப்பர்வைசர் மேல் தப்பில்லை என்று நீங்கள் முடிவு சொன்னால் 'தெரிந்தவர், விட்டுட்டாங்க' என்பார்கள், தப்பு என்று சொன்னால், பழக்கத்தை மறைக்கவே கடுமையாக இருந்தீர்களோ என்று உங்களுக்கே சந்தேகம் வரும். சம்பளக் கணக்கோடு சம்பந்தம் இல்லாத வேறு பிரிவின் மேனேஜர் யாராவது இருக்கிறாரா பாருங்கள், இல்லையென்றால் குழுமத்தின் வேறு நிறுவனத்திலிருந்தோ வெளியிலிருந்தோ ஒருவர். வெளி ஆளுக்குக் காசு ஆகும்தான், ஆனால் கேட்கவேண்டியது ஏழெட்டுப் பேரைத்தான்.

முதலாளி விஷயம் கொஞ்சம் சங்கடம். 'அனுப்பிடலாம்' என்று விசாரணைக்கு முன்பே எழுதிவிட்டார். அந்த மெசேஜை அழிக்கச் சொன்னாலும் அழிக்காதீர்கள். வேறு இயக்குநர் இருந்தால் முடிவை அவரிடம் விடுவது நல்லது. சின்ன நிறுவனம், அவர் ஒருவர்தான் என்றால், என்ன நடந்தது என்ற கண்டுபிடிப்பை வேறு ஒருவர் எழுதிக் கொடுக்க, முதலாளி அதைப் படித்து, ஏன் இந்த முடிவு என்று காரணத்தை எழுத்தில் வைக்கட்டும். தனியார் நிறுவனத்தில் முதலாளி தன் வீட்டுக்குத் தானே நீதிபதியாக இருப்பதை முழுக்கத் தவிர்க்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைத் தவிர்க்கலாம்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அந்தக் கெடுவை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. 14ஆம் பிரிவில் ஒரு வாரம் என்று ஒரு கணக்கு வருகிறது, அதைப் பலர் விசாரணைக்கான கெடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விசாரணைக்காக ஊழியரை வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கும் காலத்துக்கான உச்சவரம்பு. ஒரு வாரத்துக்கு மேல் போகக்கூடாது, அந்த நாட்களுக்குக் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்கவேண்டும், ஒழுங்கீனம் இல்லை என்று தெரிந்தால் பிடித்த மீதியையும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். இதே பிரிவில் தண்டனையாகச் சம்பளம் இல்லாமல் ஒரு வாரம் வரை நிறுத்தி வைப்பதும் இருக்கிறது, ஆனால் அது விசாரணை முடிந்து, தப்பு என்று தெரிந்த பிறகு. இரண்டையும் குழப்பி, விசாரணை தொடங்கிய அன்றே சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால், கேட்பதற்கு முன்பே தண்டித்த கணக்கு.

உங்கள் விஷயத்தில் சூப்பர்வைசரை ஒதுக்கி வைக்கவே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பதிவுகள் உங்கள் கையில் பத்திரமாக வந்துவிட்டால், அவர் எதையும் மாற்ற முடியாது. டைம்ஷீட் எழுதும் பொறுப்பை மட்டும் தற்காலிகமாக வேறொருவருக்குக் கொடுத்து, அவரை வேறு ஷிஃப்ட்டில் போடுங்கள், தண்டனை இல்லை என்று எழுதியே கொடுங்கள். மாற்றவேண்டியது அவரைத்தான், புகார் சொன்னவர்களை இல்லை. பாதுகாப்புக்காக என்று சொல்லி புகார் சொன்னவரை வேறு ஷிஃப்ட்டுக்கு மாற்றினால், அவருடைய ஓவர்டைம் போகும், கூட்டாளிகள் போவார்கள், பார்க்கிற எல்லோருக்கும் யார் வாய் திறந்தது என்று தெரிந்தும்விடும்.

எத்தனை நாள் ஆகும் என்றால், உங்கள் அளவு விசாரணைக்கு இரண்டு மூன்று வாரம் நியாயமான காலம். பதிவு திரட்ட இரண்டு நாள், கடிதம் கொடுத்து மூன்று நாள், அவர் சொன்னதைச் சரிபார்க்க ஒரு வாரம், எழுத மூன்று நாலு நாள். இதை ஆரம்பத்திலேயே இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிடுங்கள், தாமதமானால் ஏன் என்று சொல்லுங்கள். இழுத்துக்கொண்டே போவதும் அநியாயம்தான். இரண்டு மாதம் ஆனால் சாட்சிகளில் ஒருவர் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போயிருப்பார், மிச்சம் இருப்பவர்கள் காப்பிக்கடையில் பேசிப் பேசி எல்லோரும் ஒரே கதையைச் சொல்ல ஆரம்பித்திருப்பார்கள்.

முதலாளிக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து, தப்பாக வேலை நீக்கினார்கள் என்ற புகாரை ஊழியர் டிஏடிஎம்மில் கொடுக்கலாம், அதாவது சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அங்கே சமரசம் ஆகவில்லை என்றால் வேலை நியமனக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். அங்கே கோரிக்கைக்கு 20,000 வெள்ளி வரை வரம்பு, தொழிற்சங்கம் வழியாகச் சமரசத்துக்குப் போனவருக்கு 30,000. இரண்டு பக்கத்துக்கும் வழக்கறிஞர் கிடையாது, முதலாளி தரப்பில் ஒருவர் தானே போய் உட்கார்ந்து, ஒழுங்கீனம் நடந்தது என்று காட்டவேண்டும். கையில் கேட் பதிவும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜும் மட்டும் இருந்து, எதிரே சூப்பர்வைசர் 5 டெலிவரி ஆர்டரை எடுத்து வைத்தால்? உடனே முதலாளி 'அப்போ நோட்டீஸ் கொடுத்து அனுப்பிடலாம்' என்பார். ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து, காரணம் சொல்லாமல் அனுப்புவது பொதுவாகத் தப்பான வேலைநீக்கம் ஆகாது. ஆனால் நோட்டீஸோடு காரணம் ஒன்றைச் சொல்லி, அந்தக் காரணம் பொய் என்று தெரிந்தால் ஆகும். 'ஓவர்டைம் திருடினான்' என்று கிடங்கு முழுக்கப் பேசிவிட்டு, கடிதத்தில் மட்டும் காரணம் இல்லாமல் அனுப்புவது எனக்குப் பிடிக்காத வழி, முதலாளிக்கும் அது பாதுகாப்பான வழி இல்லை.

ரகசியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடினமான பகுதியை மேலே பார்த்துவிட்டோம். விசாரணைக் கோப்பு பொது ஃபோல்டரில் இருக்கக்கூடாது. மின்னஞ்சல் தலைப்பில் ஆள் பெயர் வேண்டாம். சந்திப்பைக் கண்ணாடி அறையில் வைக்காதீர்கள், பேக்கிங் தளத்திலிருந்து பார்த்தால் யார் யார் உள்ளே போய் வந்தார்கள் என்ற பட்டியல் அரை மணி நேரத்தில் தயார். சாட்சிகளிடம் 'இங்கே கேட்டதை மற்ற ஊழியர்களோடு பேசாதீங்க' என்று சொல்லலாம். சூப்பர்வைசரிடம், புகார் கொடுத்தவர் யார் என்று தேடவோ யாரையும் அணுகவோ கூடாது, அதுவே தனிக் குற்றமாகும் என்று கடிதத்திலேயே எழுதலாம். ஆனால் அவர் தன் மனைவியிடமோ, தொழிற்சங்கத்திடமோ, வழக்கறிஞரிடமோ, மனிதவள அமைச்சிடமோ பேசக்கூடாது என்று கட்டிப்போட உங்களுக்கு உரிமை இல்லை. பக்கத்தில் ஒரு துணையை உட்கார வைத்துக்கொள்ளக் கேட்டால், நிறுவனத்தின் கைநூலும் தொழிற்சங்க ஒப்பந்தமும் என்ன சொல்கிறது என்று பாருங்கள். எதுவும் சொல்லவில்லை என்றாலும் ஒத்துக்கொள்வதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை, துணை பேசாமல் உட்காரட்டும். அப்புறம், 'ஒத்துக்கோங்க, இல்லன்னா போலீசுக்குப் போவோம்' என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போலீசுக்குப் போகவேண்டிய விஷயம் என்றால் போங்கள், அதைக் காட்டி வாங்கிய ஒப்புதலுக்கு மதிப்பில்லை.

கடைசியில் அறிக்கை. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 5 நாள், நிரூபணம் ஆகவில்லை, காரணம் டெலிவரி ஆர்டர். 4 நாள், கணக்கு உண்மையில்லை, அது அவருக்குத் தெரிந்தே எழுதப்பட்டது, மேனேஜர் சொல்லித்தான் எழுதினார் என்பது நடந்திருக்க வாய்ப்பு அதிகமா இல்லையா, எந்த ஆதாரத்தை நம்பினோம், ஏன். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் நிரூபிக்கும் கிரிமினல் அளவுகோல் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். ஆனால் ஒருவரின் வேலையே போகும் அளவு பெரிய குற்றச்சாட்டுக்கு, ஆதாரமும் அந்த அளவுக்குக் கனமாக இருக்கவேண்டும். மேனேஜர் சொன்னார் என்பது உண்மையாகத் தெரிந்தால் எச்சரிக்கைக் கடிதத்துக்கு மேல் போகக்கூடாது என்று எனக்குப் படுகிறது, மேனேஜருக்குத் தனி விசாரணை வேண்டும், அதை வேறு ஒருவர் நடத்தவேண்டும். சூப்பர்வைசரிடம் முடிவையும் காரணத்தையும் எழுத்தில் கொடுத்து, மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளில் என்றும் சொல்லுங்கள். புகார் சொன்ன மூன்று பேருக்கும் விசாரித்து முடித்தாயிற்று, செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று தனித்தனியாகச் சொன்னால் போதும், அவருக்கு என்ன தண்டனை என்ற விவரம் அவர்களுக்குப் போகவேண்டியதில்லை. அதன் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் பட்டியலைப் பாருங்கள். முன்பு வாரம் இரண்டு நாள் ஓவர்டைம் கிடைத்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் திடீரென்று ஒன்றுமே இல்லை என்றால், பட்டியல் போடுபவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள், பதிலை எழுதி வையுங்கள்.